ஹாஸ்டல் வைஃபையில் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ்: லாகின் பக்கத்தோடு தீராத மல்லுக்கட்டு

சித்தி பையனுக்குக் காலாப்பட்டுப் பக்கம் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. "அண்ணே, ஹாஸ்டல்ல எக்ஸ்பாக்ஸ் ஓடுமா?" என்று கேட்டான். ஓடும். ஆனால் ஓட வைக்க என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதைப் போனில் சொல்லி முடியாது, அதனால்தான் இதை எழுதுகிறேன். கிராபிக்ஸ், வேகம், எத்தனை ஜிபி என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அந்தப் பக்கம் நான் போகப் போவதில்லை.

நான் இருப்பது லாசுப்பேட்டையில் ஒரு ஆண்கள் ஹாஸ்டல். வேலை நிமித்தமாகக் கடலூர் சிப்காட்டுக்குப் போனால் மஞ்சக்குப்பத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்குவேன். சீரீஸ் எஸ் கூடவே வரும். எடை 2 கிலோவுக்குள்தான். அடாப்டர் பெட்டியின் உள்ளேயே இருப்பதால் ஒரு மெல்லிய வயரும் எச்டிஎம்ஐ கேபிளும் போதும், பையில் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிடும். அந்த வகையில் ஊர் ஊராக அலைகிறவனுக்கு இதைவிட வசதியான கன்சோல் கிடையாது.

தொல்லை எல்லாம் வைஃபையில்தான். இரண்டு இடத்திலும் பாஸ்வேர்டு போட்டதும் நெட் வந்துவிடாது. ஒரு பக்கம் திறக்கும், அதில் மொபைல் நம்பர் கொடுக்க வேண்டும், ஓடிபி வரும், அதைப் போட்ட பிறகுதான் கதவு திறக்கும். உள்ளே நடப்பது இவ்வளவுதான்: நம் கருவி வைஃபையில் சேர்ந்ததும் அதற்கு ஐபி முகவரி கிடைத்துவிடுகிறது. ஆனால் வெளியே போகிற எந்தக் கோரிக்கையையும் அந்த இடத்து ரவுட்டர் மறித்து, லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. ஓடிபி சரியாக இருந்தால், நம் கருவியின் மேக் முகவரியை, அதாவது அதன் வைஃபை கார்டுக்கென்றே உள்ள அடையாள எண்ணை, 'அனுமதி பெற்றவர்' பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. அது ஆளை அடையாளம் வைத்துக்கொள்வதில்லை, மேக் முகவரியைத்தான் வைத்துக்கொள்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் எல்லாமே தானாகப் புரியும்.

எக்ஸ்பாக்ஸில் எட்ஜ் பிரௌசர் இருக்கிறது. நெட்வொர்க் பக்கத்தில் `Additional authentication needed` என்று வந்தால் லாகின் பக்கம் தேவைப்படுகிறது என்று அர்த்தம். நல்ல நாளில் பக்கம் தானாகவே திறக்கும். திறக்காத நாளில் எட்ஜைத் திறந்து ஏதாவது ஒரு தளத்துக்குப் போகப் பார்ப்போம், வெள்ளைத் திரையோ சான்றிதழ் பிழையோதான் வரும். காரணம், இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் https, அதாவது பூட்டுப் போட்டவை. பூட்டுப் போட்ட கோரிக்கையை ரவுட்டரால் நடுவில் மறித்துத் திருப்ப முடியாது, திருப்பினால் பிரௌசர் சந்தேகப்பட்டு நிறுத்திவிடும். அதற்காகவே பூட்டில்லாத ஒரு தளம் இருக்கிறது. முகவரிப் பட்டையில் இதை முழுதாக அடிக்க வேண்டும்:

```
http://neverssl.com
```

அப்படியும் வரவில்லையா, தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி கண்டுபிடித்துத் தரும் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு 8.8.8.8 என்று கையால் போட்டு வைத்திருந்தால், சில இடங்களில் லாகின் பக்கத்தின் பெயரையே கன்சோலால் கண்டுபிடிக்க முடியாது. அதைத் தானியங்கிக்கு மாற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.

சரி, பக்கம் வந்துவிட்டது. இனி கேம்பேடை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக நகர்த்தி மொபைல் நம்பர் அடிக்க வேண்டும். அப்புறம் ஓடிபி. எங்கள் ஹாஸ்டல் பக்கம் போன் திரைக்காகச் செய்தது, டிவியில் 'சமர்ப்பி' பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். அதைத் தேடிப் பிடிப்பதற்குள் ஓடிபி காலாவதி ஆகிவிடும். ஒரு நாள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த அனுமதி நிலைப்பதில்லை. கொஞ்ச நேரம் கருவி பேசாமல் இருந்தால் பட்டியலிலிருந்து தூக்கிவிடுகிறார்கள். கன்சோலைத் தூங்க வைத்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் போய் வந்தால், மறுபடி முதலிலிருந்து.

இதில் என்னை நிஜமாகவே கோபப்படுத்துவது, அறுந்தது வெளியே தெரியாததுதான். வைஃபை கோடுகள் முழுதாக நிற்கும். கேம் மட்டும் சர்வர் கிடைக்கவில்லை என்று சொல்லும். பிரச்சினை கேம் பக்கமா, எக்ஸ்பாக்ஸ் பக்கமா, ஹாஸ்டல் பக்கமா என்று தெரியாமல் தவிப்போம். இந்த மாதிரி நேரத்தில் முதலில் எட்ஜைத் திறந்து மேலே சொன்ன முகவரியைப் போடுங்கள். ஹாஸ்டல் பக்கம் வந்தால் அனுமதி போய்விட்டது, வேறு எங்கும் தேட வேண்டாம். அந்தத் தளமே வந்தால் குற்றம் வைஃபையில் இல்லை.

கோபத்தைச் சொன்னேன், மகிழ்ச்சியையும் சொல்ல வேண்டும். நெட்வொர்க் அமைப்புகளுக்குள் `Advanced settings`, அதற்குள் `Alternate MAC address` என்று ஒன்று இருக்கிறது. கன்சோலுக்கு வேறொரு மேக் முகவரியைக் கொடுக்க அது அனுமதிக்கிறது. லாட்ஜில் நான் செய்வது இது. முதலில் லேப்டாப்பை வைஃபையில் சேர்த்து, வழக்கம்போல ஓடிபி போட்டு உள்ளே போய்விடுவேன். லேப்டாப்பில் `ipconfig /all` அடித்தால் வைஃபை கார்டின் முகவரி `Physical Address` என்று வரும். உதாரணத்துக்கு:

```
9A-3C-10-5E-72-B4
```

அதைக் குறித்துக்கொண்டு லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுவேன். இது முக்கியம். ஒரே முகவரியோடு இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் இருந்தால் இரண்டுமே தடுமாறும். பிறகு கன்சோலில் `Manual` தேர்ந்து அந்த 12 இலக்கங்களைப் போட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். எழுந்து வரும்போது ரவுட்டர் அதை லேப்டாப் என்றே நினைத்துக்கொள்ளும், லாகின் பக்கமே வராது. முதன்முறை இது வேலை செய்தபோது, லாட்ஜ் டிவியில் நண்பர்கள் பட்டியல் பச்சையாக எரிந்ததைப் பார்த்து நான் அடைந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சமல்ல. வேறு ஊருக்குப் போகும்போது `Clear` அழுத்தினால் பழைய முகவரி திரும்பிவிடும்.

போனின் முகவரியையும் இப்படிக் கொடுக்கலாம். ஆனால் ஆண்ட்ராய்டு 10 முதல் ஒவ்வொரு வைஃபைக்கும் தாமே உருவாக்கிய ஒரு தனி முகவரியைப் போன்கள் பயன்படுத்துகின்றன. அதனால் போனின் பொதுவான விவரப் பக்கத்தில் இருப்பதை எடுக்காமல், அந்த வைஃபையின் பெயரைத் தொட்டால் வரும் விவரத்தில் இருப்பதை எடுக்க வேண்டும். இரண்டாவது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் அப்படி உருவாக்கிய முகவரிதான். மேலே காட்டிய உதாரணமும் அந்த ரகம், விண்டோஸிலும் அந்த வசதி உண்டு. இன்னொன்று, உங்கள் சொந்தக் கருவியின் முகவரியை மட்டும் போடுங்கள். பக்கத்து ரூம்காரரின் முகவரியைத் தெரிந்துகொண்டு போட்டால் அவருக்கு நெட் அறுந்துபோகும். அவர் நம்பரில் வந்த ஓடிபியில் நீங்கள் நுழைந்ததாக ஆகிவிடும், அது பெரிய தப்பு.

லாட்ஜுக்கு இது அருமை. மாதக்கணக்கில் இருக்கும் ஹாஸ்டலுக்கு இது தாங்காது, அனுமதி போகும்போதெல்லாம் லேப்டாப்பை எழுப்பி ஓடிபி போட வேண்டியிருக்கும். அதற்கு நான் கண்ட வழி ஒரு சின்னப் பயண ரவுட்டர். உள்ளங்கைக்குள் அடங்கும், போன் சார்ஜரிலேயே ஓடும். அதை ரிப்பீட்டர் நிலையில் வைத்து ஹாஸ்டல் வைஃபையில் சேர்க்க வேண்டும். பிறகு போனை ரவுட்டரின் வைஃபையில் சேர்த்து, லாகின் பக்கம் வந்ததும் போனிலேயே ஓடிபி போட வேண்டும். ஹாஸ்டல் கண்ணுக்குத் தெரிவது ரவுட்டரின் ஒரே ஒரு முகவரி, அதன் பின்னால் கன்சோல், லேப்டாப், போன் எல்லாம் நிற்கின்றன. ரவுட்டர் தூங்காது, ஏதாவது ஒரு கருவி எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும், அதனால் சும்மா இருந்ததற்காகத் தூக்கப்படுவது நின்றுவிட்டது. இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாய லாகின் என்ற விதி இருந்தால் அதை ரவுட்டராலும் தாண்ட முடியாது, ஆனால் போனில் ஒரு நிமிட வேலை.

ரவுட்டர் வைத்தும் லாகின் பக்கம் வரவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ரவுட்டரில் தனி டிஎன்எஸ் போட்டிருந்தால் எடுத்துவிட வேண்டும். டிஎன்எஸ் ரீபைண்டிங் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கும், லாகின் பக்கம் உள்வட்ட முகவரியில் இருப்பதால் அந்தப் பாதுகாப்பு அதைத் தடுத்துவிடும். லாகின் முடியும்வரை அதை அணைத்து வையுங்கள்.

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. ஹாஸ்டல் ரவுட்டர் ஒன்று, நம் ரவுட்டர் ஒன்று, இரண்டு அடுக்கு முகவரி மாற்றம். கன்சோல் `Double NAT detected` என்று எச்சரிக்கும். தனியாக ஆடுவதற்கும் டவுன்லோடுக்கும் அதனால் ஒன்றும் இல்லை. நண்பர்களோடு பார்ட்டியில் பேசும்போது சிலருடைய குரல் மட்டும் கேட்காமல் போகும். ஹாஸ்டல் ரவுட்டரில் நமக்குக் கை வைக்க இடமில்லை என்பதால் அதற்கு முழுத் தீர்வும் இல்லை.

இதையெல்லாம் வாங்குவதற்கு முன்னால் வார்டனிடமோ நெட்வொர்க் பார்ப்பவரிடமோ கேட்டுப் பாருங்கள். கன்சோலின் வயர்லெஸ் மேக் முகவரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அதை நிரந்தரப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. அப்படிச் சேர்த்துவிட்டால் லாகின் பக்கமே கிடையாது. சொந்த ரவுட்டர் வைக்கக் கூடாது என்று விதி இருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும். எங்கள் ஹாஸ்டலில் ரவுட்டருக்குச் சரி என்றார்கள், பட்டியலுக்கு முடியாது என்றார்கள்.

புதுப் பெட்டியை ஹாஸ்டலில் வைத்துப் பிரிக்க வேண்டாம். முதல் அமைப்புக்கு நெட் கட்டாயம், அந்தக் கட்டத்தில் எட்ஜைத் திறந்து போராடவும் முடியாது. வீட்டு வைஃபையில் அப்டேட் முடித்து, ஆடப்போகும் கேம்களையும் இறக்கி, அந்தக் கன்சோலையே உங்கள் கணக்கின் முதன்மைக் கன்சோலாக, அதாவது `home Xbox` ஆக வைத்துவிட்டு எடுத்து வந்தால், காசு கொடுத்து வாங்கிய கேம்களை நெட் இல்லாத ராத்திரியிலும் தனியாக ஆடலாம்.

இப்போது என் கன்சோல் நன்றாகவே ஓடுகிறது. அந்த மாற்று முகவரி வசதியை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது. இருந்தாலும் ஹாஸ்டலில் இருப்பவருக்கு சீரீஸ் எஸ்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் டிஸ்க் போட வழியில்லை. ஃபோர்ஸா ஹொரைசன் 5 போன்ற ஒரு கேம் 100 ஜிபியைத் தாண்டும், ஒவ்வொரு ஜிபியும் அந்த லாகின் பக்கத்தைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். நான் மறுபடி வாங்கினால் டிஸ்க் போடும் பிஎஸ்5தான் வாங்குவேன். அதில் நேராகத் திறக்கிற பிரௌசர் ஆப் இல்லை என்பதால் பயண ரவுட்டர் அங்கேயும் வேண்டும், அதுதான் ஏற்கெனவே என்னிடம் இருக்கிறதே.