நைட் ஷிஃப்ட் மணிக்கணக்கு: MOD போதுமா, தேதியோடு எழுதணுமா?

கடலூர் சிப்காட் பக்கம் ஒரு சின்ன யூனிட்டின் வருகைக் கணக்கு என் கையில் இருக்கிறது. ஏ, பி, சி என்று மூன்று ஷிஃப்ட், கேட்டில் வாட்ச்மேன்கள். காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் 10 வரைக்கும் எக்செல்லில் எந்தச் சிக்கலும் இல்லை. இரவு 10 முதல் காலை 6 வரை ஓடும் சி ஷிஃப்ட்டில்தான் கணக்கு உடைகிறது. அதைச் சரிசெய்ய மூன்று வழி புழக்கத்தில் இருக்கிறது. மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் இரண்டையும் தேதியோடு ஒரே கட்டத்தில் எழுதும் வழிக்கு வந்து நிற்கிறேன். என் ஓட்டு அதற்குத்தான்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எக்செல்லுக்கு ஒரு நாள் என்பது 1. இரவு 10 மணி 0.9167, காலை 6 மணி 0.25. வெளியே போன நேரத்திலிருந்து உள்ளே வந்த நேரத்தைக் கழித்தால் மைனஸில் போகிறது. மைனஸ் நேரத்தைக் காட்டத் தெரியாமல் கட்டம் முழுக்க ##### போட்டுவிடுகிறது. கூகுள் ஷீட்ஸில் கால அளவு ஃபார்மட் வைத்திருந்தால் மைனஸ் குறியோடு காட்டும்.

B2-வில் உள்ளே, C2-வில் வெளியே, D2-வில் மணிக்கணக்கு என்று வைத்துக்கொண்டால் முதல் இரண்டு வழிகள் இவை:

```
=MOD(C2-B2,1)
=IF(C2<B2,C2+1-B2,C2-B2)
```

இரண்டும் செய்வது ஒன்றுதான்: மைனஸ் வந்தால் ஒரு நாளைக் கூட்டிவிடுவது. 10-க்கு வந்து 6-க்குப் போனவருக்கு இரண்டிலும் 8:00 கிடைக்கும். பகல் ஷிஃப்ட்டுக்கும் அப்படியே பொருந்தும். இரண்டில் MOD சின்னது, கைதவறி உடைக்க முடியாதது. IF-ஐப் பற்றி இதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

அப்படியென்றால் MOD-ஐயே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கேட் ரிஜிஸ்டரில் நேரம் மட்டும்தான் இருக்கும், அதை அப்படியே அடித்தால் போதும், வேலை பாதியாகக் குறையும். உண்மைதான். ஆனால் ரிஜிஸ்டரில் ஒரு வரி விட்டுப்போனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒருவர் இரவு 10-க்கு வந்தார், காலையில் போகும்போது நேரம் எழுதவில்லை. C2 காலி. காலிக் கட்டத்தை எக்செல் 0 என்று எடுத்துக்கொள்கிறது. நேரக் கணக்கில் 0 என்றால் நள்ளிரவு 12 மணி. MOD கூசாமல் 2:00 என்று காட்டும். ##### இல்லை, எச்சரிக்கை இல்லை. எட்டு மணி நேரம் வேலை பார்த்தவர் கணக்கில் ஆறு மணி நேரம் போய்விடுகிறது. மாதக் கடைசியில் மொத்தத்தைப் பார்த்தால் அது தெரியவே தெரியாது.

தேதியோடு எழுதினால் அதே விடுபடல் கத்திச் சொல்லும். 02-06-2025 22:00 என்பது எக்செல்லுக்கு 45810.9167. வெளியே நேரம் காலியாக இருந்தால் 0-விலிருந்து அதைக் கழிக்கும், பெரிய மைனஸ் வரும். அந்த வரி மட்டுமல்ல, கீழே மொத்தமும் ##### ஆகிவிடும். சரிசெய்யாமல் சம்பளம் போடவே முடியாது. உள்ளே, வெளியே இரண்டையும் இடம் மாற்றி அடித்தாலும் அந்த வரியில் #####தான். MOD-இல் அதுவே 16:00 என்று வரும். டபுள் டூட்டி பார்த்தார் போல என்று நாம் நம்பிவிடுவோம். கட்டம் குறுகலாக இருந்தாலும் ##### வரும் என்பதால், முதலில் கட்டத்தை அகலப்படுத்துங்கள். அப்புறமும் நின்றால் அது மைனஸ்தான்.

இன்னொன்று வாட்ச்மேன் டூட்டி. காலை 8-க்கு ஏறி மறுநாள் காலை 8-க்கு இறங்கும் ஆட்கள் இங்கேயும் உண்டு, புதுச்சேரி லாட்ஜ்களிலும் உண்டு. MOD-க்கு 8:00-உம் 8:00-உம் ஒன்று, விடை 0:00. IF-இல் `<` என்பதை `<=` என்று மாற்றினால் 24 வரும்தான். ஆனால் அப்போது யாரும் வராத காலி வரிக்கும் 24 மணி நேரம் விழும். தேதியோடு எழுதினால் இந்தக் குழப்பமே கிடையாது, வெறும் கழித்தல்தான்:

```
=C2-B2
```

தேதியையும் நேரத்தையும் தனித்தனிக் கட்டத்தில் வைத்துக் கூட்டலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். வெளியே போன தேதியை மறுநாள் என்று முன்கூட்டியே நிரப்பிவிட்டு நேரத்தை மட்டும் விட்டால், பழைய 2:00 திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரே கட்டம்தான் காவல். அடிக்கும் வேலை கூடுதல் என்பதை மறுக்கவில்லை. அப்போதைக்கப்போது பதிவு செய்கிறவர் எக்செல்லில் Ctrl+; அழுத்தி, ஒரு இடம் விட்டு, Ctrl+Shift+; அழுத்தினால் இன்றைய தேதியும் இப்போதைய நேரமும் விழும். தொடங்கும் முன் கம்ப்யூட்டரின் தேதி அமைப்பு நாள்-மாதம்-வருடம் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். மாதம் முதலில் வரும் அமைப்பில் 12-ஆம் தேதி வரை ஒழுங்காக ஓடுவது போலத் தெரியும். 13-ஆம் தேதி எழுத்தாக மாறி இடதுபக்கம் ஒட்டிக்கொண்டு #VALUE! கொடுக்கும்.

மொத்தம் போடும்போது மூன்று வழிக்கும் பொதுவான ஒரு பள்ளம் இருக்கிறது. 26 நைட், தலா 8 மணி, ஆக 208 மணி நேரம். சாதாரண h:mm ஃபார்மட்டில் கூட்டினால் 16:00 என்று காட்டும். எட்டு முழு நாளைக் கழற்றிவிட்டு மீதியை மட்டும் காட்டுகிறது. ஃபார்மட்டை [h]:mm என்று மாற்றினால் 208:00 வரும். மொத்தத்துக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு வரிக்கும் இதையே வையுங்கள். வெளியே தேதியை ஒரு நாள் தள்ளி அடித்துவிட்டால் [h]:mm-இல் 32:00 என்று கண்ணில் படும், h:mm-இல் 8:00 என்று ஒளிந்துகொள்ளும். சம்பளத்துக்கு 24-ஆல் பெருக்க மறக்கக் கூடாது:

```
=SUM(D2:D27)*24*75
```

மணிக்கு 75 ரூபாய் என்றால் 15,600 ரூபாய். அந்த 24 இல்லாவிட்டால் 650 ரூபாய்தான் வரும்.

சரி, MOD யாருக்கு? பத்துப் பேருக்குள், 24 மணி நேர டூட்டி இல்லாத இடத்துக்கு அதுவே போதும். காலிக் கட்டத்தைப் பிடிக்க இப்படிப் போட்டுக்கொள்ளுங்கள்:

```
=IF(COUNT(B2:C2)<2,"",MOD(C2-B2,1))
```

இரண்டில் ஒரு நேரம் விட்டுப்போனாலும் விடையே வராது. ஆனால் நிரம்பிய வரிகளுக்கு நடுவே அந்த வெற்றிடத்தைத் தேடிப் பார்க்க ஒருவர் வேண்டும். ஆள் அதிகமாகி விரல்ரேகை மெஷின் வைத்த இடங்களில் நான் வேலை பார்த்ததில்லை, அதனால் அங்கே இந்த ஒப்பீடு எவ்வளவு செல்லும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

தேதி முறையில் மாதக் கடைசியும் சுலபம். நள்ளிரவுக்குப் பிறகு பார்த்த மணிகளை முந்தைய நாளில் சேர்ப்பதுதான் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு வகுத்த முறை. ஜூன் 30 இரவு 10-க்கு ஏறியவரின் எட்டு மணியும் ஜூன் கணக்கில்தான் விழ வேண்டும். உள்ளே வந்த கட்டத்தில் தேதியும் இருப்பதால், அதை வைத்தே மாதத்தைப் பிரிக்கலாம்:

```
=SUMIFS(D:D,B:B,">="&DATE(2025,6,1),B:B,"<"&DATE(2025,7,1))
```

இதைத் தனி ஷீட்டில் போட்டு, வருகைத் தாளிலிருந்து நெடுவரிசைகளை எடுக்கும்படி வையுங்கள். D நெடுவரிசையின் அடியிலேயே போட்டால் தன்னையே கூட்டப் பார்த்துச் சுற்றிக்கொள்ளும்.