மூன்று வகை மலமிளக்கிகள்: மாதக்கணக்கில் எடுக்கும்போது எது எப்படி நடந்துகொள்ளும்?

மலச்சிக்கலுக்கு மருந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் முதல் நாளை வைத்தே அதை எடைபோடுகிறார்கள். இரவு போட்டுக் காலையில் வயிறு இளகினால் நல்ல மருந்து, மூன்று நாளாகியும் அசையவில்லை என்றால் வீண். அந்தக் கணக்கில் எப்போதும் ஜெயிப்பது குடலைத் தூண்டும் மாத்திரைதான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கதை வேறு.

தூண்டும் வகையில் பிசகோடைல், சென்னா இரண்டும்தான் அதிகம் புழங்குபவை. பெருங்குடலின் தசையைச் சுருங்க வைத்து, மலத்தை வேகமாகக் கீழே தள்ளுவது இவற்றின் வேலை. பிசகோடைல் 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ இரவில் போட்டால் 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும். இரைப்பையில் கரையாமல் குடலில்தான் கரைய வேண்டும் என்பதற்காகவே அதன் மேல் ஒரு உறை இருக்கிறது. பாலோடு விழுங்கினாலும், அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு சேர்த்துப் போட்டாலும், உடைத்துப் போட்டாலும் அந்த உறை முன்பே பிரிந்துவிடும். "இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றைப் பிசைகிறது" என்று சொல்பவர்கள் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும். பாலுக்கும் மாத்திரைக்கும் நடுவே குறைந்தது ஒரு மணி நேரம் இருக்கட்டும்.

நீண்ட நாள் சிக்கல் எங்கே தொடங்குகிறது என்பதை ஒரு வாரத்தை எடுத்துப் பார்த்தால் புரியும். நாற்பது வயதுக்காரர் ஒருவர் ஞாயிறு இரவு இரண்டு மாத்திரை போடுகிறார். திங்கள் விடியற்காலை வயிறு முறுக்கி, இரண்டு மூன்று முறை தளர்வாகப் போகிறது. சாதாரணமாக ஒரு முறை மலம் கழிக்கும்போது குடலின் கடைசிப் பகுதி மட்டுமே காலியாகும். இங்கே மருந்து பெருமளவு குடலையும் வழித்து வெளியேற்றிவிட்டது. அது மறுபடி நிரம்ப இரண்டு மூன்று நாள் பிடிக்கும். செவ்வாய் ஒன்றும் வரவில்லை, புதனும் வரவில்லை. வருவதற்கு உள்ளே எதுவும் இல்லை என்பதுதான் காரணம். அவரோ மலச்சிக்கல் திரும்பிவிட்டது என்று பயந்து புதன் இரவு மீண்டும் இரண்டு மாத்திரை போடுகிறார். இந்தச் சுழல் சில மாதம் ஓடினால், மாத்திரை இல்லாமல் தன் குடல் இயங்காது என்றே அவர் நம்பிவிடுவார். ஆனால் சொன்ன அளவில் எடுத்தால் இந்த மாத்திரை குடலைச் சோம்பேறியாக்கும் என்ற பழைய அச்சத்துக்கு உறுதியான ஆதாரம் இல்லை. அளவைத் தாண்டி அடிக்கடி எடுப்பதுதான் ஆபத்து. தொடர்ந்து நீராகப் போனால் உடலின் பொட்டாசியம் குறையும். பொட்டாசியம் குறைந்தால் குடலின் அசைவும் மந்தமாகும், சிக்கல் இன்னும் இறுகும்.

இந்தச் சுழலிலிருந்து வெளியே வர நீரை இழுக்கும் வகை பெரிதும் உதவும். பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர், லாக்டுலோஸ் சிரப், மெக்னீசியம் சேர்ந்த திரவம் எல்லாம் இந்த வகை. குடலுக்குள் நீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்குகின்றன. லாக்டுலோஸைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்க வைப்பதால் வாயுவும் உப்புசமும் வரும். இதைத் தாங்க முடியாமல் பாதியில் விடுபவர்கள் உண்டு. மெக்னீசியம் சில மணி நேரத்திலேயே வேலை செய்யும், ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு அது ரத்தத்தில் தேங்கிவிடும், அவர்கள் தொடக்கூடாது. மாதக்கணக்கில் எடுப்பவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு பாலிஎத்திலீன் கிளைக்கால்தான்.

மேலே சொன்னவரின் கணக்கைத் தொடர்வோம். தூண்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு, தினமும் காலையில் 17 கிராம் பவுடரை ஒரு தம்ளர் தண்ணீரில், அதாவது ஏறக்குறைய 240 மி.லி. அளவில், முழுக்கக் கரைத்துக் குடிக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் நடக்காமல் போகலாம். பெரும்பாலானவர்கள் கைவிடுவது இந்த இடத்தில்தான். பொறுக்க வேண்டும். மூன்று நாள் முழுதாகக் கடந்தும் வரவில்லை என்றால் மட்டும் அன்றிரவு பிசகோடைல் ஒரே ஒரு மாத்திரை. பவுடரை நிறுத்தக் கூடாது. இரண்டாவது வாரத்தில் மலம் மென்மையாக, உருவத்தோடு வந்தால் அளவு சரி. நீராகப் போனால் பாதியாகக் குறைக்கலாம், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாம். குடல் பரிசோதனைக்கு முன் வயிற்றைச் சுத்தம் செய்யத் தரும் பெரிய பொட்டலத்திலும் இதே பெயர் இருக்கும். அது வேறு அளவு, வேறு வேலை. வாங்கும்போது கவனம். தினமும் போகவில்லையே என்ற கவலையும் வேண்டாம். வாரத்துக்கு மூன்று முறை, சிரமமில்லாமல் போனால் அதுவும் இயல்புதான்.

கன அளவைக் கூட்டும் வகை, அதாவது இசப்கோல் போன்ற நார், இதற்குப் பிறகு வரட்டும். இது பலன் தர 12 மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை ஆகும். நாள்பட எடுக்க நல்லது. ஆனால் ஏற்கெனவே அடைத்துக் கிடக்கும் குடலில் நாரைக் கொட்டினால் உப்புசம்தான் கூடும். போக்கு சீரான பிறகு ஒரு டீஸ்பூனில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு முறை கூட்டிக்கொண்டே போய், பவுடரைக் குறைக்கலாம். ஒவ்வொரு முறையும் முழு தம்ளர் தண்ணீர் வேண்டும், கலக்கியதும் குடித்துவிட வேண்டும். சில நிமிடத்தில் கூழாகிவிடும், தண்ணீர் போதாவிட்டால் தொண்டையிலேயே அடைக்கும். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கும், படுக்கப்போகும் நேரத்திலும் கூடாது. மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மார்ஃபின் போன்ற வலிநிவாரணி எடுப்பவர்களுக்கு நார் உதவாது. அங்கே குடலே ஓய்ந்திருக்கிறது. தூண்டும் மாத்திரையைத் தினமும் எடுப்பதுகூட அவர்களுக்குச் சரியான வழிதான், மருத்துவர் சொன்ன அளவில்.

மருந்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. வயிறு வீங்கி, வாயுவும் பிரியாமல், வாந்தியும் வந்தால் குடல் அடைத்திருக்கலாம். அப்போது எந்த மலமிளக்கியும் கொடுக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சிறுநீரும் போகாமல், தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனால் அதுவும் அவசரம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தச்சோகை, ஐம்பதை ஒட்டிய வயதில் புதிதாகத் தொடங்கிய சிக்கல், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் பரிசோதனை, அப்புறம்தான் மருந்து.

அதிகம் ஏமாற்றுவது இன்னொன்று. பல நாள் மலம் போகாத முதியவருக்குத் திடீரென்று நீராகக் கசிய ஆரம்பித்தால் வீட்டில் பேதி என்று நினைத்து நிறுத்தும் மருந்து கொடுப்பார்கள். பெரும்பாலும் உள்ளே கல்லாக இறுகிய மலத்தின் ஓரமாக வழியும் நீர்தான் அது. நிறுத்தும் மருந்து கொடுத்தால் அடைப்பு இன்னும் மோசமாகும். இறுகிய மலத்தை மருத்துவர் பார்த்துதான் அகற்ற வேண்டும்.

மலம் மென்மையாகவே இருந்தும் முக்கி முக்கி வெளியே வராமல், விரலால் உதவ வேண்டியிருந்தால் கோளாறு குடலின் அசைவில் இல்லாமல் இருக்கலாம். பெரும்பாலும் முக்கும்போது தளர வேண்டிய ஆசனவாய்த் தசை எதிராக இறுகுகிறது. இதற்கு எந்த மலமிளக்கியும் முழுப் பலன் தராது. தசையைத் தளர்த்தப் பழக்கும் பயிற்சிதான் சிகிச்சை. மருத்துவரிடம் போகும்போது இரும்புச்சத்து மாத்திரை, ரத்த அழுத்த மருந்தான வெராபமில், மனநல மருந்துகள் உட்பட எடுக்கும் எல்லாவற்றின் பட்டியலையும், இரண்டு வாரத்தில் எந்தெந்த நாள் எப்படிப் போனது, எந்த மருந்து எவ்வளவு எடுத்தீர்கள் என்ற குறிப்பையும் கொண்டு போங்கள்.