“சரி சார், பார்த்துக்கலாம்” என்ற பதிலை நம்பி கன்சார்ட்டியத்தை விட்டு விலகாதீர்கள்

கூட்டாக டெண்டர் போட ஒப்பந்தம் செய்துவிட்டு, தாக்கல் செய்வதற்கு முன்பே விலக நினைக்கும் சிறு நிறுவனங்களுக்காக இந்தப் பதிவு. நீங்கள் விலகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் பெயரில் டெண்டர் உள்ளே போய்விடலாம். ஒரு நிறுவனத்துக்கு அப்படித்தான் ஆனது.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டும் டெண்டர் அது. சேர்ந்தவர்கள் மூன்று பேர். பணபலம் கூட்டணியை முன்னின்று நடத்தும் லீட் பார்ட்னரிடம் இருந்தது, கட்டுமானம் இரண்டாமவர் பொறுப்பு. மூன்றாவது நிறுவனம் சிறியது, வேலையில் அதன் பங்கு 20 சதவீதம்தான். ஆனால் டெண்டர் கேட்ட முன்அனுபவச் சான்றிதழ் அதனிடம் மட்டுமே இருந்தது. கதையின் முடிச்சே இங்கேதான். தகுதியைக் கொண்டுவருபவர் விலகினால் மற்றவர்களால் டெண்டரே போட முடியாது. அதனால் அவரை யாரும் மனமுவந்து அனுப்பிவைக்க மாட்டார்கள்.

நிலையம் சொன்னபடி இயங்காவிட்டால் கட்ட வேண்டிய செயல்திறன் அபராதம் முழுவதையும் தன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், 14ஆம் தேதி அந்த நிறுவனம் லீட் பார்ட்னரைப் போனில் அழைத்து விலகுவதாகச் சொன்னது. கூடவே வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி. “சரி சார், பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தது. 19ஆம் தேதி பதிவுத் தபாலில் கடிதம் போனது. லீட் பார்ட்னரிடம் கொடுத்திருந்த ஆவணக் கட்டு மறுநாள் திரும்பி வந்தது. அதே நாளில் இதே டெண்டருக்கு வேறொரு கன்சார்ட்டியத்தில் அந்த நிறுவனம் கையெழுத்திட்டது. 24ஆம் தேதி மாலை 3 மணி தாக்கலுக்குக் கடைசி நேரம்.

தொழில்நுட்ப உறைகளைத் திறந்தபோது அதன் சான்றிதழ் இரண்டு டெண்டர்களிலும் இருந்தது. ஒரு நிறுவனம் ஒரு டெண்டரில்தான் இடம்பெறலாம் என்பது நிபந்தனை. இரண்டும் நிராகரிக்கப்பட்டன. ஏன் கறுப்புப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. புதிய கூட்டாளிகளோ நஷ்டஈடு கேட்டார்கள்.

பழைய லீட் பார்ட்னர் சொன்ன பதில் எரிச்சலூட்டும், ஆனால் காகிதத்தில் அது நிற்கும். விலக 7 நாள் எழுத்துப்பூர்வ அறிவிப்பு வேண்டும் என்றது கூட்டு ஒப்பந்தம். தபாலில் போட்டால் மூன்றாம் நாள் கிடைத்ததாகக் கொள்ளப்படும், குறிப்பிட்ட மின்னஞ்சலுக்கு அனுப்பினால் அன்றே கிடைத்ததாகக் கொள்ளப்படும் என்றும் அதில் இருந்தது. 19ஆம் தேதித் தபால் 22ஆம் தேதி கிடைத்த கணக்கு. அதிலிருந்து 7 நாள் என்றால் 29. ஆக, 24ஆம் தேதி அந்த நிறுவனம் இன்னும் உறுப்பினர்தான் என்று வாதாடினார்கள். அந்த ஒப்பந்தத்தில் வாட்ஸ்அப் அறிவிப்பு வழியே கிடையாது. 14ஆம் தேதியே அந்த மின்னஞ்சலுக்குக் கடிதம் போயிருந்தால் 21ஆம் தேதியோடு உறவு முடிந்திருக்கும், மூன்று நாள் மிச்சமும் இருந்திருக்கும்.

எனவே விலக முடிவெடுத்த அன்றே ஒப்பந்தத்தில் ‘அறிவிப்புகள்’ என்ற பிரிவைத் திறந்து, தாக்கல் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நாள் போதவில்லையென்றால், அறிவிப்புக் காலத்தை விட்டுக்கொடுப்பதாக லீட் பார்ட்னரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அது கிடைக்காதவரை இன்னொரு கூட்டணியில் கையெழுத்திடுவது தற்கொலைக்குச் சமம்.

அடுத்த ஓட்டை பவர் பத்திரம். டெண்டரில் கையெழுத்திடும் அதிகாரத்தை லீட் பார்ட்னருக்குக் கொடுத்து நோட்டரி முன் எழுதித் தந்தது அது. கூட்டணியிலிருந்து விலகுகிறோம் என்று மட்டும் எழுதினால் போதாது, பவரை ரத்து செய்கிறோம் என்று தனியாக எழுத வேண்டும். ரத்தானது டெண்டர் அழைத்த அலுவலகத்துக்கும் தெரிய வேண்டும். தெரியாதவரை, அந்தப் பத்திரத்தைப் பார்த்து அவர்கள் நம்பியதற்கு உங்களைப் பொறுப்பாளியாக்க வழி இருக்கிறது. பத்திரத்தில் ‘திரும்பப் பெற முடியாதது’ என்ற சொல் இருந்தால் நீங்களாகக் கடிதம் எழுதி நிறுத்தாமல் உடனே வக்கீலிடம் போங்கள்.

லீட் பார்ட்னருக்கான கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. இந்த அளவு போதும்:

“டெண்டர் எண் ___ தொடர்பாக ___ தேதியிட்ட கூட்டு ஒப்பந்தத்தின் பிரிவு ___-இன்படி நாங்கள் விலகுகிறோம். ___ தேதியிட்ட பவர் பத்திரத்தை இத்துடன் ரத்து செய்கிறோம். எங்கள் பெயர், சான்றிதழ், நிதிநிலை அறிக்கை, பணியாளர் விவரம் எதையும் எந்த டெண்டரிலும் பயன்படுத்த அனுமதி இல்லை. இணைப்பிலுள்ள பட்டியலின்படி மூல ஆவணங்களை ___ தேதிக்குள் திருப்பித் தரவும். மின்கோப்புகளை அழித்ததற்கு எழுத்துப்பூர்வ உறுதி தரவும்.”

காரணம் எழுதாதீர்கள். அபராதப் பங்கீடு பற்றி நாலு வரி எழுதினால் அதுவே புதுத் தகராறுக்கு விதை. டெண்டர் அலுவலகத்துக்குப் போகும் கடிதம் இன்னும் சுருக்கமாக இருக்கட்டும்: இந்தக் கன்சார்ட்டியத்தில் நாங்கள் இல்லை, பவர் ரத்தாகிவிட்டது, அவ்வளவுதான். விலையையோ கூட்டணியின் உள்விவகாரத்தையோ அதில் தொட்டால் இரகசியக் காப்பை மீறியவர் நீங்களாகிவிடுவீர்கள். நகலில் தேதியோடு பெறுகை முத்திரை வாங்காமல் வராதீர்கள். உறை திறக்கும்வரை உள்ளே யார் பெயர் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. பிறகு உங்களைக் காப்பாற்றப்போவது அந்த முத்திரைதான்.

இனி அந்த ஆவணக் கட்டு. வந்தவை 43 தாள்கள். பெற்றுக்கொண்டவர் “ஆவணங்கள் பெறப்பட்டன” என்று ஒரே வரியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஜெராக்ஸ். பவர் பத்திரத்தின் மூலப்பிரதி இல்லை, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கையெழுத்திட்டுக் கொடுத்திருந்த நான்கு வெற்று லெட்டர்ஹெட்டுகளும் இல்லை. அவற்றில் ஒன்றில்தான் ‘கூட்டணியில் தொடர்கிறோம்’ என்ற உறுதிமொழி அச்சாகி டெண்டரோடு போனது.

பட்டியலோடுதான் வாங்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் ஆவணத்தின் பெயர், மூலமா நகலா, பக்க எண்ணிக்கை, வந்ததா வரவில்லையா என்று இருக்கட்டும். வராதவற்றை அதே தாளில் “பெறப்படவில்லை” என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வெற்று லெட்டர்ஹெட் கொடுக்கவே கூடாது. கொடுத்துத் தொலைத்திருந்தால், அவை செல்லாது என்று டெண்டர் அலுவலகக் கடிதத்திலேயே ஒரு வரி சேருங்கள். உங்கள் வங்கி கொடுத்த பேங்க் கியாரண்டி லீட் பார்ட்னர் கையில் இருந்தால் அதன் மூலத்தாளையும் கேட்டு வாங்குங்கள். அது திரும்பாமல், அதற்காகப் பிடித்துவைத்த மார்ஜின் பணத்தை வங்கி எளிதில் விடுவிக்காது.

மின்கோப்பை முழுசாகத் திரும்ப வாங்க முடியாது என்பதே நிஜம். அழித்தேன் என்ற கடிதம் வெறும் கடிதம்தான். அதனால் கொடுக்கும்போதே ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காக டெண்டர் எண்ணையும் கூட்டணியின் பெயரையும் வாட்டர்மார்க்காகப் போட்டுக் கொடுங்கள்.

அவர்களுடைய விலைக் கணக்கு உங்களிடம் இருந்தால் அதையும் பட்டியல் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். அதைப் பார்த்த அதே ஆள் புதிய கூட்டணிக்கு விலை போட்டால், கூட்டுச்சதி என்ற சந்தேகம் உங்கள் பக்கம் திரும்பும்.

உறை திறக்கும் நாளில் ஒருவரை அனுப்புங்கள், இணையவழி டெண்டர் என்றால் திறப்பு விவரத்தை அன்றே பாருங்கள். பழைய கூட்டணியில் உங்கள் பெயர் இருந்தால் முத்திரை வாங்கிய நகலை இணைத்து அன்றைக்கே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். அந்த நிறுவனம் இதைச் செய்தது ஒன்பது நாள் கழித்து, நிராகரிப்புக் கடிதம் கைக்கு வந்த பிறகு.