காது மடலைக் காட்டிப் பழைய ஓவியம் விற்கிறார்கள்: பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

லண்டனில் பழைய ஓவியங்கள் விற்கும் ஒரு கடையில், மரப்பலகையில் தீட்டிய சிறிய மாதா ஓவியம் ஒன்றை வாங்கினேன். ‘போத்திச்செல்லியின் பட்டறை, 15ஆம் நூற்றாண்டின் இறுதி’ என்று எழுதி விற்றார்கள்; அதாவது இத்தாலிய ஓவியர் போத்திச்செல்லியின் பட்டறையில் உருவானதாம். கூடவே ஒரு நிபுணரின் அறிக்கையும் இருந்தது. மாதாவின் காது மடல், எலும்பு தெரியும் விரல்கள், கருங்கோடு சூழ்ந்த சதுர நகங்கள் ஆகியவற்றைப் பெரிதாக்கிப் படம் பிடித்து, பக்கத்தில் போத்திச்செல்லியின் படங்களை ஒட்டியிருந்தார்கள். பலகையின் நிலை எப்படி என்று எழுத்தில் கேட்டேன். ‘நன்றாக இருக்கிறது, சிறு பழுதுபார்ப்பு மட்டுமே’ என்று எழுத்திலேயே பதில் வந்தது. அந்தப் பதில் பொய்.

அறிக்கை பின்பற்றியது ஜியோவானி மொரெல்லியின் முறை. மருத்துவம் படித்து, உடற்கூற்றியலில் தேர்ந்த இத்தாலியர் அவர். 1870களில் இவான் லெர்மோலியெஃப் என்ற ரஷ்யப் புனைபெயரில் எழுதத் தொடங்கினார். முகபாவத்தையும் உருவ அமைப்பையும் சீடனும் நகலெடுப்பவனும் கவனமாகப் பின்பற்றுவார்கள். காதையும் நகத்தையும் யாரும் பார்ப்பதில்லை, ஓவியனும் அவற்றை யோசிக்காமல் பழக்கத்தில் போட்டுவிடுகிறான். ஆகவே வரைந்தவனின் கையை அடையாளம் காண அங்கேதான் தேட வேண்டும் என்பது அவர் வாதம். ட்ரெஸ்டன் காட்சியகத்தில் வெனிஸ் ஓவியர் டிஷியனின் படத்தைப் பார்த்து வரைந்த நகல் என்று கிடந்த ‘உறங்கும் வீனஸ்’ இன்னொரு வெனிஸ் ஓவியரான ஜியோர்ஜியோனேயின் படைப்பு என்று அவர் 1880இல் அறிவித்தது பெரும் பரபரப்பானது. ஆனால் அந்தத் தீர்ப்பைத் தாங்கி நின்றது உடல் உறுப்புகளின் வடிவம் மட்டும் அன்று. 1525இல் வெனிஸில் ஒரு வீட்டில் இத்தகைய வீனஸைக் கண்டதாகவும், நிலக்காட்சியையும் மன்மதனையும் டிஷியன் முடித்ததாகவும் அக்காலக் கலை ஆர்வலர் மார்க்கந்தோனியோ மிக்கியேல் எழுதிவைத்த குறிப்பும் துணைநின்றது. அப்படியிருந்தும் அதில் டிஷியனின் பங்கு எவ்வளவு என்ற வழக்கு இன்றும் தீரவில்லை.

என் பலகைக்கு வருகிறேன். ஓவியங்களைச் செப்பனிடும் ஒருவரிடம் கொண்டுபோனேன். இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடித்தார். பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிர்ந்தது. காதின் மேலும், வலக்கையின் இரண்டு விரல்களின் மேலும் கருந்திட்டுகள் தெரிந்தன. பிற்காலத்தில் பூசிய வண்ணம் அப்படித்தான் இருண்டு தெரியும். பிறகு எக்ஸ்கதிர் கருவியால் அதே இடங்களைச் சோதித்தபோது டைட்டானியம் இருப்பது தெரிந்தது. டைட்டானியம் வெள்ளை 20ஆம் நூற்றாண்டில்தான் ஓவியர்கள் கைக்கு வந்தது. அதாவது, போத்திச்செல்லியின் பட்டறைக்குச் சாட்சியாக நிறுத்திய காதும் நகங்களும், சுமார் நூறாண்டுகளுக்குள் யாரோ ஒருவர் போத்திச்செல்லியின் படங்களைப் பார்த்துத் தீட்டியவை. எந்த உறுப்பை நிபுணர் தேடுவார் என்று ஊருக்கே தெரிந்த பிறகு, மோசடிக்காரன் முதலில் அங்கேதானே கை வைப்பான்!

பழுதில்லாத பலகையிலும் இந்த முறை சறுக்கும். கலை வரலாற்றாளர் பெர்னார்ட் பெரென்சன் மொரெல்லியின் வழியில் வந்தவர். போத்திச்செல்லியின் சாயலும் பிலிப்பினோ லிப்பியின் சாயலும் கலந்த சில ஓவியங்களை ஒன்றுசேர்த்து, இவை பெயர் தெரியாத ஒரே ஓவியனின் வேலை என்று 1899இல் எழுதினார். அவனுக்கு ‘அமிக்கோ தி சாந்த்ரோ’, அதாவது சாந்த்ரோ போத்திச்செல்லியின் நண்பன், என்று பெயரும் வைத்தார். பெரென்சன் கண்ட ஒற்றுமைகள் கற்பனை அல்ல. ஆனால் அப்படி ஒரு மனிதன் இருந்ததே இல்லை. அந்த ஓவியங்களில் முக்கியமானவை பிலிப்பினோவின் இளமைக்கால ஓவியங்கள் என்று பின்னர் ஏற்கப்பட்டது. பெரென்சனும் அந்தப் பெயரைக் கைவிட்டார். பிலிப்பினோ போத்திச்செல்லியிடம் வேலை கற்றவர். இளைஞனாக இருந்தபோது குருவின் விரல்களையே போட்டார், பிறகு தன் வழியில் போனார். ஒரு கையின் பழக்கம் ஆயுள் முழுதும் மாறாது என்ற அடிப்படை அங்கேயே உடைகிறது. ஒரே பலகையில் பல கைகள் வேலை செய்த பட்டறைகளில் சிக்கல் இன்னும் கூடும்.

இதனால்தான் இன்றைய ஆய்வாளர்கள் காது, நக ஒப்பீட்டைத் தனியாக நம்புவதில்லை. பலகையின் மரம், வண்ணங்கள், வண்ணத்துக்கு அடியில் இருக்கும் கோட்டோவியம், யார் கையிலிருந்து யாருக்குப் போனது என்ற ஆவணம் ஆகியவற்றோடு சேர்த்தே அதை எடைபோடுகிறார்கள்.

கடைக்காரரிடம் சோதனை முடிவுகளை அனுப்பினேன். ‘யார் வரைந்தது என்பது கருத்து, உத்தரவாதம் அல்ல’ என்ற விற்பனை நிபந்தனையைச் சுட்டிக்காட்டிப் பணத்தைத் திருப்ப மறுக்கிறார். ஓவியன் யார் என்பது கருத்தாக இருக்கலாம். ‘சிறு பழுதுபார்ப்பு மட்டுமே’ என்றது கருத்து அல்ல. அந்தக் கடிதத்தை வைத்தே வழக்கறிஞர் மூலம் நடவடிக்கை எடுக்கிறேன்.

இப்படி ஓர் அறிக்கையை உங்களிடம் நீட்டினால், முழுப் பலகைக்கும் புற ஊதா ஒளிப்படம் கேளுங்கள். அறிக்கை சுட்டும் ஒவ்வோர் உறுப்பும் அதில் எப்படித் தெரிகிறது என்று ஒப்பிடுங்கள். பழைய மறுபூச்சு வார்னிஷுக்கு அடியில் ஒளிந்திருந்தால் அந்த விளக்கு காட்டாமலும் போகலாம். அதனால் காதிலும் விரலிலும் வண்ணச் சோதனை செய்யச் சொல்லுங்கள். செலவை ஏற்கிறேன் என்று சொல்லியும் கடைக்காரர் பலகையை வெளியே அனுப்ப மறுத்தால், வாங்காதீர்கள்.