80 வெள்ளி வாங்கிக்கொண்டு டேப் சுற்றிக் கொடுத்த கடை: பழைய கேம் கேசட் வைத்திருப்பவர்கள் கவனம்

80 வெள்ளி போச்சு. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில். பெயர் போடவில்லை, எதற்கு வம்பு.

கேசட், கேம்பாய் என்ற கையடக்க கேம் கருவியில் போடும் போக்கிமோன் கோல்ட், ஒரிஜினல். நாம் சேமிக்கும் ஆட்டம் அதன் உள்ளே ஒரு சில்லில் இருக்கிறது. மின்சாரம் ஒரு நொடி அறுந்தாலும் எல்லாம் அழிந்துவிடும். அதனால்தான் கேம்பாயை அணைத்த பிறகும் அந்தச் சில்லைத் தாங்க 3 வோல்ட் CR2025 பேட்டரி ஒன்று உள்ளேயே இருக்கும். இந்த கேமில் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுகிறது, சீக்கிரம் தீரும். எனக்கும் தீர்ந்துவிட்டது. CONTINUE காணோம், NEW GAME மட்டும் நிற்கிறது.

கடைக்காரர் என் கண் முன்னாலேயே திறந்து, மீட்டர் வைத்து, பழைய பேட்டரியில் ஒரு வோல்ட்கூட இல்லை என்று காட்டினார். "தகடு வைத்த பேட்டரி போட்டு சால்டர் பண்ணித் தரேன் தம்பி, பத்து வருஷத்துக்குத் தொட வேண்டாம்" என்றார். மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? மறுநாள் வரச் சொன்னார். 80 வெள்ளி ரொக்கம், ரசீது கிடையாது.

சில நாள் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் மோட்டாரில் போய் வந்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் மறுபடியும் NEW GAME.

திரும்பப் போனேன். "பழைய சாமான் தம்பி, அப்படித்தான் இருக்கும்." அடுத்த முறை, "உங்க கேம்பாய்தான் கோளாறு." இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை.

கேசட் திருகுக்கான 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் திருப்புளி வாங்கி நானே திறந்தேன். உள்ளே சாதாரணக் கடை பேட்டரி. பழைய பேட்டரியிலிருந்து பிய்த்த தகடுகளை அதன் மேல் அமுக்கி, கறுப்பு வயர் டேப் சுற்றியிருந்தது. டேப்பின் பசை இளகி ஓரம் வழுக்கிக் கிடந்தது. பேட்டரி மேல் மீட்டர் வைத்தால் 3.2 வோல்ட். தகடு சர்க்யூட் பலகையில் சேரும் இடத்தில் மீட்டரை வைத்து, விரலால் பேட்டரியை லேசாக அசைத்தால் சுழி! பேட்டரி நல்லாத்தான் இருக்கிறது, தொடர்புதான் அறுகிறது. அதற்கு 80 வெள்ளி!

சரியான பேட்டரியில் தகடு தொழிற்சாலையிலேயே ஸ்பாட் வெல்டிங் செய்து வரும். தகட்டின் காலை மட்டும் பலகையில் சால்டர் வைத்தால் போதும். வெறும் பேட்டரி மேல் நேராகச் சால்டர் வைத்தால் சூட்டில் அது கெட்டுவிடும், வெடிக்கவும் கூடும். டேப் அதற்கு மாற்று இல்லை.

காசு கொடுக்கும் முன் திறந்து காட்டச் சொல்லுங்கள், டேப் தெரிந்தால் வாங்காதீர்கள். கூட்டல் குறி பலகையில் போட்டிருக்கும் பக்கமே இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி இன்னும் உயிரோடு இருந்தால், கழற்றும் முன் சேமிப்பை கேசட் ரீடரில் நகல் எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கழற்றிய நிமிடமே அது போய்விடும். ரசீது கேளுங்கள். 80 வெள்ளிங்க.