டெட்சோன் பூஜ்ஜியமா, ஏழா: ஃபோர்ஸா ஹொரைசன் 5-இல் என் தேர்வு

ஃபோர்ஸா ஹொரைசன் 5 என்ற கார் பந்தய ஆட்டத்தில், கேம்பேடின் ஸ்டிக் நடுவிலிருந்து எவ்வளவு அசைந்தால் கண்டுகொள்ளாமல் விடுவது என்பதை உள் டெட்சோன் தீர்மானிக்கும். இந்த Steering Axis Deadzone Inside-ஐ எத்தனையில் வைப்பது என்பதில் இரண்டு கட்சி உண்டு. பூஜ்ஜியத்தில் வைத்தால் கட்டைவிரல் அசைந்த நொடியே கார் திரும்பும் என்பது ஒன்று. கொஞ்சம் இடம் விட்டு வைக்க வேண்டும் என்பது இன்னொன்று. நான் முதலில் பூஜ்ஜியத்தில் ஓட்டினேன். இப்போது 7-இல் ஓட்டுகிறேன், திரும்பிப் போகமாட்டேன்.

பூஜ்ஜியத்தின் சுகம் உண்மையானது, ஆனால் அது புது கேம்பேடில்தான். சாதாரண ஸ்டிக்கின் உள்ளே ஒரு கரிப்பூச்சுத் தடத்தின் மேல் சின்ன உலோக நுனி உரசிக்கொண்டே இருக்கும். தடம் தேயத் தேய, விரலை எடுத்த பிறகும் ஸ்டிக் சரியாக நடுவில் இருப்பதாகச் சொல்லாது. என் கேம்பேடில் இது வந்தபோது ஸ்டிக் கெட்டுவிட்டது என்றே எனக்குத் தோன்றவில்லை. நெடுஞ்சாலையில் 250 கிலோமீட்டர் வேகத்தில் கார் இடப்பக்கமாக நழுவும், நானும் அறியாமல் வலப்பக்கம் லேசாக அழுத்திக்கொண்டே இருப்பேன். அப்புறம் வலப்பக்க வளைவு ஒவ்வொன்றிலும் கணக்கு தப்பும். காரின் டியூனிங்கைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அளப்பது எளிது. உள் டெட்சோனைப் பூஜ்ஜியமாக்கி, நீண்ட நேர்ச்சாலையில் வேகமெடுங்கள். ஸ்டிக்கை முழுக்க இடப்பக்கம் தள்ளிச் சட்டென்று விடுங்கள். கார் நேரானதும் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள். வலப்பக்கமும் அதே மாதிரி. ஒரு தடவை போதாது, பத்துப் பன்னிரண்டு தடவையாவது செய்யுங்கள், ஏனென்றால் தேய்ந்த ஸ்டிக் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வந்து நிற்கும். பிறகு எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். எனக்கு 5-இல் இழுப்பு நின்றது. மேலே இரண்டு சேர்த்து 7. சில மாதம் கழித்து இதையே திரும்பச் செய்வேன். எண் 15-ஐத் தாண்டினால் டெட்சோனால் மறைப்பதை விட்டு ஸ்டிக்கையே மாற்றுவது நல்லது, அதற்கு மேல் சின்னத் திருத்தங்களே கையில் இருக்காது. காந்தத்தில் இயங்கும் ஹால் ஸ்டிக்கில் உரசல் இல்லாததால் பூஜ்ஜியம் நீடிக்கலாம். நான் அதில் ஓட்டியது சில நாள்தான், அதனால் அடித்துச் சொல்லமாட்டேன்.

ஸ்டிக் எந்த அளவை எட்டினால் முழுத் திருப்பமாக எடுத்துக்கொள்வது என்பது வெளி டெட்சோன். அதில் 100-ஐ விட 90 எனக்குப் பிடித்தது. காரைத் திருப்புவது ஸ்டிக்கின் இடவல அசைவு மட்டுமே. ஸ்டிக்கோ வட்டக் குழிக்குள் சுற்றுகிறது. பதற்றத்தில் கட்டைவிரல் 25 டிகிரி மேலே சரிந்தால் இடவல அளவு ஏறக்குறைய 90 சதவீதம்தான் வரும். 100 வைத்திருந்தால் முழுத் திருப்பம் கிடைக்காமல் கார் வெளியே அகலும். 90 என்றால் அந்தச் சரிவையும் ஆட்டம் பொறுத்துக்கொள்ளும்.

பட்டன்களில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கியர் கூட்ட B, குறைக்க X என்று ஆட்டமே தருவதை அப்படியே விடலாம். கிளட்சோடு மேனுவல் ஓட்டுபவர்கள் மட்டும் A-யில் இருக்கும் கைப்பிரேக்கை LB-க்கும், LB-யில் இருக்கும் கிளட்சை A-க்கும் மாற்றிப் பாருங்கள். கட்டைவிரலின் அடிப்பாகம் A-யை அழுத்தியபடியே நுனி B-க்கோ X-க்கோ உருளும், ஆள்காட்டி விரல் ஆக்ஸிலரேட்டரை விடவே வேண்டாம். மாற்றம் கைக்குப் பழக எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

வைப்ரேஷனை அணைத்தால் பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும், கையும் மரக்காது. நீண்ட பந்தயத்துக்கு அது நியாயமான தேர்வு. ஆனாலும் பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லாமல் ஓட்டும் நான் அணைப்பதில்லை. எக்ஸ்பாக்ஸ் கேம்பேடில் ட்ரிகர்களுக்கு உள்ளேயே தனி மோட்டார்கள் இருக்கின்றன. பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளும்போது இடது ட்ரிகர் விரலடியில் படபடக்கும். திரையில் புகை தெரிவதற்குள் விரலுக்குத் தெரிந்துவிடும். அந்தப் படபடப்பு வந்ததும் ட்ரிகரைக் கால் பங்கு தளர்த்தினால் சக்கரம் மறுபடி உருளும், காரும் வளைவுக்குள் திரும்பும்.