உடை மாறலாம், கம்மல் மாறக் கூடாது: படத்தில் ஆடை மாற்றும் வேலையில் கண்டவை

ஒருவரின் நிழற்படத்தில் உடையை மட்டும் மாற்றித் தரும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்த பிறகு உடையை மாற்றுவது எளிதாகிவிட்டது. புதிய உடையைப் பற்றிப் புகார் வருவதே அபூர்வம். வருகிற புகாரெல்லாம் வேறு மாதிரி இருக்கும்: "இது என் மூக்குக்கண்ணாடி இல்லையே", "பொட்டு சற்று மேலே ஏறிவிட்டது", "ஜிமிக்கியில் ஒரு முத்தைக் காணோம்". தன் முகத்தைத் தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு இவை உடனே தெரிந்துவிடும்.

"குர்த்தாவை மட்டும் மாற்று, மற்றவை அப்படியே இருக்கட்டும்" என்று எழுதிக் கேட்கிற செயலிகளை நிறையப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். கைபேசித் திரையில் பார்த்தால் முடிவு பிரமாதமாக இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால்தான் விஷயம் வெளிவரும். இந்த வகைச் செயலிகளில் பல, படம் முழுவதையும் புதிதாக வரைகின்றன. "அப்படியே இருக்கட்டும்" என்பது அவற்றுக்கு ஒரு வேண்டுகோள் மட்டுமே. எந்தப் புள்ளியையும் அது பூட்டி வைப்பதில்லை.

மாறியிருக்கிறதா என்று பார்க்க நான் முதலில் போகும் இடம் கடிகாரம். முட்கள் பத்து மணி பத்து நிமிடத்துக்குத் தாவியிருந்தால் சந்தேகமே வேண்டாம். கடிகார விளம்பரங்களில் முட்கள் பெரும்பாலும் அப்படித்தான் நிற்கும். அந்தப் படங்களில் பழகிய செயலியும் அதையே வரைகிறது. அடுத்தது மூக்குக்கண்ணாடி. கிட்டப்பார்வைக்கான கண்ணாடி வழியே பார்த்தால் கன்னத்தின் ஓரக்கோடு உடைந்து, உள்பக்கமாகத் தள்ளித் தெரியும். புதிதாக வரைந்த படத்தில் அந்தக் கோடு நேராக ஓடும். சட்டம் அதே சட்டம்தான், பவர் மட்டும் காணாமல் போயிருக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால் "ஏதோ நான் மாதிரி இல்லை" என்று அந்த நபர் சொல்வதற்குப் பல சமயம் இதுதான் காரணம்.

பொட்டு ஏன் தப்புவதில்லை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்டேபிள் டிஃபியூஷன் போன்ற, படம் வரையும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் படத்தைப் புள்ளி புள்ளியாகக் கையாள்வதில்லை. நீளத்தில் எட்டு, அகலத்தில் எட்டு என்று புள்ளிகளைச் சுருக்கி ஒரு கட்டமாக்கி, அந்தக் கட்டங்களில் வேலை செய்து, மறுபடி விரிக்கின்றன. 3072 புள்ளி உயரமுள்ள படத்தில் பொட்டு 24 புள்ளி அகலம் என்று வைத்துக்கொள்வோம். செயலி படத்தை 1024 புள்ளிக்குக் குறைத்துக்கொண்டால் பொட்டு 8 புள்ளியாகிறது, அதாவது ஒரே ஒரு கட்டம். அந்த ஒரு கட்டத்திலிருந்து திரும்ப விரியும்போது சாந்துப் பொட்டா, ஓரத்தில் கல் பதித்த ஒட்டுப் பொட்டா என்ற வேறுபாடு நிற்காது. உடைப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து வரையச் சொன்னாலும், சுருக்கி விரிக்கும் இந்தச் சுற்றில் மற்ற பகுதிகளும் மெல்ல மாறும். சில செயலிகள் தேர்வுக்கு வெளியே மூலப் படத்தைத் தாமே திரும்ப ஒட்டிவிடுகின்றன. சில அதைச் செய்வதில்லை.

ஆகவே ஒட்டும் வேலையை நானே செய்கிறேன். ஃபோட்டோஷாப்போ கிம்ப்போ, எதுவானாலும் சரி: மூலப் படம் கீழ் அடுக்கு, செயலி தந்த படம் மேல் அடுக்கு, மேல் அடுக்குக்கு ஒரு முகமூடி போட்டு, உடை இருக்கும் இடத்தை மட்டும் தெரியவிடுகிறேன். பிறகு சோதனை. மூலத்தின் நகலை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, கலப்பு முறையை `Difference` என்று மாற்றினால், மாறாத புள்ளிகள் முழுக் கறுப்பாகும். முகம், கண்ணாடி, பொட்டு எல்லாம் கறுப்பில் மறைந்து, உடை மட்டும் ஒளிர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சாம்பல் நிழல் இருக்கலாம் என்பதால் வெளிச்சத்தை நன்றாக ஏற்றியும் பார்ப்பேன். சோதிக்கும் கோப்பு பி.என்.ஜி. ஆக இருக்க வேண்டும். ஜேபெக்காகச் சேமித்தால் அந்தச் சுருக்கமே புள்ளிகளை மாற்றிவிட்டுச் சோதனையைக் குழப்பும்.

கண்ணாடிக்கும் பொட்டுக்கும் இதோடு வேலை முடிந்தது. அவை துணியைத் தொடுவதில்லை. துணியைத் தொடுகிற ஜிமிக்கியும் கடிகாரமும்தான் உண்மையான தலைவலி.

வெளிர் நீலக் குர்த்தாவை அரக்கு நிறத்துக்கு மாற்றிய ஒரு படத்தைச் சொல்கிறேன். ஜிமிக்கி தோள்பட்டைக்கு நேராகத் தொங்குகிறது. அதைச் சுற்றிச் சற்றுத் தாராளமாகத் தேர்வு போட்டால் பழைய துணி நீல வளையமாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இறுக்கிப் போட்டால் வளையம் போகிறது. ஆனால் குடையின் துளைகளுக்குள்ளும் முத்துகளுக்கு இடையிலும் நீலம் எட்டிப் பார்க்கிறது. போதாததற்கு உலோகத்தின் ஓரப் புள்ளிகள் பாதி தங்கம், பாதி துணி என்று கலந்திருக்கும். எவ்வளவு கூர்மையாக வெட்டினாலும் அவை பிரியாது.

அங்கே நான் செய்வது இது. பெரிய துளைகளை மட்டும் கையால் தேர்ந்தெடுத்து, புதிய துணி தெரியும்படி விடுகிறேன். ஓரப் புள்ளிகளை வெட்டாமல், மேலே ஓர் அடுக்கு வைத்து, அதன் கலப்பு முறையை `Color` ஆக்கி, புதிய துணியின் நிறத்தை மெல்லிய தூரிகையால் அந்த ஓரத்தில் மட்டும் தீட்டுகிறேன். இந்த முறையில் நிறம் மாறும், வெளிச்ச இருள் மாறாது. அதனால் நகையின் வடிவம் கெடுவதில்லை. ஜிமிக்கி பழைய துணியில் வீழ்த்திய நிழலும் துணியோடு போய்விட்டிருக்கும். அதை `Multiply` அடுக்கில் திரும்ப வைக்காவிட்டால் நகை மிதக்கிறது. தங்கத்தின் அடிப்பகுதியில் பழைய நீலம் மங்கலாகப் பிரதிபலித்தால் அதை அப்படியே விட்டுவிடுவேன். சிலர் அதையும் திருத்துவார்கள். எனக்கு அது நகையைத் தொடுவதாகவே படுகிறது. நீலம் உறுத்துகிற அளவுக்கு இருந்தால் மட்டும் கேட்டுக்கொண்டு செய்கிறேன்.

கடிகாரத்தில் சிக்கல் சட்டைக் கையின் நீளத்தைப் பொறுத்தது. அரைக் கையிலிருந்து முழுக் கைக்கு மாற்றுவதென்றால் துணி பட்டைக்கு மேலே ஏறி நிற்கலாம், அல்லது மணிக்கட்டுக்கு முன்பே நிற்கலாம். இரண்டாவதையே தேர்ந்தெடுக்கிறேன்: தேர்வைப் பட்டைக்குச் சற்று முன்பே நிறுத்தி, இடையில் ஒரு கீற்று மூலத் தோலை விட்டால் கடிகாரத்தைச் செயலி தொடவே வழியில்லை. இதற்கு நேர்மாறானது முழுக் கைக்குள் பாதி ஒளிந்திருக்கும் கடிகாரம். புதிய உடைக்கு அரைக் கை கேட்கிறார்கள். மறைந்த பாதி படத்தில் எங்குமே இல்லை; அங்கே எது வந்தாலும் அது செயலியின் கற்பனை. அதே நபர் அதே கடிகாரத்தோடு இருக்கும் இன்னொரு படம், ஏறக்குறைய அதே கோணத்தில் கிடைத்தால் அதிலிருந்து எடுத்துப் பொருத்திப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் முழுக் கை உடையாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிடுகிறேன்.

எழுதிக் கேட்கும் செயலிகளை நான் கைவிட்டுவிடவில்லை. எந்த உடை, எந்த நிறம் என்று முடிவு செய்யும் கட்டத்தில் அவைதான் வேகம். ஒரே மூச்சில் பல மாதிரிகளைக் காட்டிவிடலாம். அந்த மாதிரிப் படங்களில் முகப் பகுதியை வெட்டிவிட்டு, கழுத்துக்குக் கீழே மட்டும் அனுப்புகிறேன். முழுதாக அனுப்பினால் உடையைப் பற்றிய பேச்சு நின்று, கம்மலைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது.